பத்திரத்தில் இல்லாத கோணம்

நேமத்தான்பட்டியில் ஒரு மனை விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் நான்கு எல்லைகளைச் சொல்லி முடித்ததும் அளவு வரும்: வடபுறம் கிழமேல் ஜாதியடி 62, தென்புறம் கிழமேல் ஜாதியடி 58, கீழ்புறம் தென்வடல் ஜாதியடி 118, மேல்புறம் தென்வடல் ஜாதியடி 121. அதற்குக் கீழே விஸ்தீரணம் 7,170 சதுர அடி. எண்கள் நான் போட்டவை. நடை நம் பத்திரங்களின் நடை.

இந்த 7,170 எப்படி வந்தது என்று மனைத் தரகரைக் கேட்டால் உடனே சொல்வார். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்க வேண்டும். 62-ம் 58-ம் சேர்ந்து 120, அதில் பாதி 60. 118-ம் 121-ம் சேர்ந்து 239, அதில் பாதி 119.5. இரண்டையும் பெருக்கினால் 7,170. ஒரு செண்ட் 435.6 சதுர அடி. ஆகவே மனை ஏறக்குறைய பதினாறரை செண்ட்.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த நான்கு எண்களிலிருந்து மனையின் பரப்பை யாராலும் சொல்ல முடியாது. தரகரால் மட்டுமல்ல, எந்தக் கணித மேதையாலும் முடியாது.

காரணம் எளிது. மூட்டு தளர்ந்த கயிற்றுக் கட்டிலைப் பார்த்திருப்பீர்கள். நான்கு சட்டங்களின் நீளமும் அப்படியே இருக்கும், தலைமாட்டைப் பிடித்து ஒருபக்கம் தள்ளினால் கட்டில் சாய்ந்துகொள்ளும். சாயச் சாய உள்ளே இருக்கும் இடம் குறையும். நாற்கரத்தின் குணமே அது. மூன்று பக்கம் தெரிந்தால் முக்கோணம் ஒரே ஒரு வடிவத்தில் நின்றுவிடும். நான்கு பக்கம் தெரிந்தாலும் நாற்கரம் நிற்காது. அதை நிறுத்த ஐந்தாவதாக ஓர் அளவு வேண்டும். அது குறுக்குக்கோடாக இருக்கலாம், ஒரு மூலையின் கோணமாகவும் இருக்கலாம்.

இதை 12-ஆம் நூற்றாண்டிலேயே கறாராகச் சொன்னவர் பாஸ்கராச்சாரியர். 1150-ஆம் ஆண்டின் லீலாவதியில், குறுக்குக்கோட்டையோ செங்குத்தையோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவரையும், அதற்கு விடை சொல்பவரையும் பிசாசு என்கிற அளவுக்குத் திட்டுகிறார். அவருக்கு ஐந்து நூற்றாண்டு முன்பு, 628-இல், பிரம்மகுப்தர் எதிர்ப்பக்கங்களைப் பாதியாக்கிப் பெருக்கும் இதே விதியை எழுதி, அது தோராயமானது என்று அவரே குறித்து வைத்தார். எகிப்தின் எட்ஃபு கோயில் சுவரில் பொறித்த நிலக்கணக்குகளும் இதே விதியில்தான் இருக்கின்றன. ஆக, நம் தரகர் ஒரு பழைய மரபின் வாரிசு. திட்டும் பழையதுதான்.

அந்த விதி எங்கே தவறுகிறது, எவ்வளவு தவறுகிறது என்று பார்க்கத்தான் இந்த அத்தியாயத்தின் சூத்திரம் தேவைப்படுகிறது.

முக்கோணத்தின் பரப்பு, அடிப்பக்கத்தைச் செங்குத்து உயரத்தால் பெருக்கி வருவதில் பாதி. இது பள்ளியில் படித்தது. நிலத்தில் நிற்பவருக்கு இதில் ஒரு சங்கடம்: உயரம் என்பது நிலத்தில் இல்லாத கோடு. வரப்பும் சுவரும் பக்கங்களில்தான் இருக்கின்றன. உயரத்தை நாமாகத் தேடி, செங்கோணம் பிடித்து, எங்கே விழுகிறது என்று குறிக்க வேண்டும்.

அந்த உயரத்தைப் பக்கத்திலிருந்தே எடுத்துவிடலாம். ஒரு மூலையில் நிற்கிறீர்கள். அங்கிருந்து புறப்படும் இரண்டு பக்கங்கள் a, b. இடையில் உள்ள கோணம் C. a-யை அடிப்பக்கமாகக் கொண்டால், b என்ற பக்கம் a-யிலிருந்து C அளவு சாய்ந்து எழுகிறது. அதன் மறுமுனை அடிப்பக்கத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் b sin C. சைன் என்பதே அந்த விகிதம்தான்: சாய்ந்த நீளத்தில் எத்தனை பங்கு நேர் உயரமாகிறது என்பது. ஆக,

பரப்பு = ½ ab sin C

கோணம் விரிகோணமாக இருந்தால் உயரம் முக்கோணத்துக்கு வெளியே, அடிப்பக்கத்தை நீட்டிய கோட்டில் விழும். சூத்திரம் மாறாது, ஏனென்றால் 105 பாகைக்கும் 75 பாகைக்கும் சைன் ஒன்றே. இந்தச் சிறு உண்மை பின்னால் தெருவில் நிற்கும்போது பெரிதும் உதவும்.

இப்போது தரகரின் விதிக்கு வருவோம். முதலில் எளிய மனை: எதிரெதிர்ப் பக்கங்கள் சமம், 60-க்கு 120. பத்திரத்தைப் படிக்கும் எவரும் இதைச் செவ்வகம் என்றே நினைப்பார், 7,200 சதுர அடி என்பார். ஆனால் மூலை 90 பாகை என்று பத்திரம் எங்கும் சொல்லவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டால் இரண்டு சமமான முக்கோணங்கள்; ஒவ்வொன்றின் பரப்பும் ½ × 60 × 120 × sin C. இரண்டும் சேர்ந்து 7,200 sin C. மூலை 80 பாகையானால் 7,091. குறைந்தது 109 சதுர அடி, அதாவது கால் செண்ட். மூலை 70 பாகையானால் 6,766. குறைந்தது 434, ஏறக்குறைய ஒரு முழு செண்ட்.

சாய்வு 10 பாகையிலிருந்து 20 ஆனபோது நட்டம் இரு மடங்காகவில்லை, நான்கு மடங்காகியது. 5 பாகை மட்டும் சாய்ந்திருந்தால் வெறும் 27 சதுர அடிதான் போகும். ஊர் வழக்கத்தில் இந்த விதி இவ்வளவு நாள் தாக்குப்பிடித்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். செட்டிநாட்டு ஊர்களின் உள்தெருக்கள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் போட்டவை; வீட்டு மனைகளின் மூலைகள் செங்கோணத்தை ஒட்டியே இருக்கும். அங்கே விதியின் பிழை கண்ணுக்குத் தெரியாது. ஊர் எல்லைக்குப் போனால், கண்மாய்க்கரை ஓரத்திலும், வளைந்து போகும் ரோட்டோரத்திலும் பிளாட் போட்ட இடங்களில், அதே விதி கைவிடும்.

நான்கு பக்கமும் வெவ்வேறாக உள்ள நம் 62, 118, 58, 121 மனையிலும் கதை இதுதான். நாற்கரத்தைக் குறுக்குக்கோட்டால் இரண்டாக வெட்டலாம். வெட்ட இரண்டு வழி உண்டு. ஒரு வழியில் வெட்டினால் வடகிழக்கு, தென்மேற்கு மூலைகளின் முக்கோணங்கள். இன்னொரு வழியில் வடமேற்கு, தென்கிழக்கு மூலைகளின் முக்கோணங்கள். எப்படி வெட்டினாலும் பரப்பு ஒன்றே. இரண்டு விடையையும் கூட்டிப் பாதியாக்கினால், நான்கு மூலைகளின் பெருக்கல்களையும் அதனதன் சைனோடு கூட்டி நான்கால் வகுத்ததாகும். இந்த வரியிலிருந்து நான்கு சைன்களையும் அழித்துவிட்டால் மிஞ்சுவது தரகரின் விதி. (62×118, 118×58, 58×121, 121×62 ஆகிய நான்கையும் கூட்டி நான்கால் வகுத்துப் பாருங்கள், 7,170 வரும்.) சைன் எப்போதும் ஒன்றைத் தாண்டாது. ஆகவே அந்த விதி செவ்வகத்தில் சரியாகச் சொல்லும், மற்ற எல்லா மனையிலும் கூட்டித்தான் சொல்லும். ஒரு தடவைகூடக் குறைத்துச் சொல்லாது. சதுர அடி விலைக்கு வாங்குபவர் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சரி, மனையை அளக்கப் போவோம். நில அளவைத் துறையின் புலப்படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் கோணங்கள் இருக்காது. நீளங்கள்தான் இருக்கும். புலத்தின் குறுக்கே ஜி லைன் என்கிற குறுக்குக்கோட்டை ஓட்டி, புலத்தை முக்கோணங்களாக்கி, வளைந்து நெளியும் ஓரங்களுக்கு அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக அளந்து எழுதியிருப்பார்கள். சங்கிலியும் செங்கோணம் பிடிக்கும் குறுக்குக் கட்டையும் மட்டும் கையில் இருந்தவர்களின் முறை அது. திறந்த நஞ்சையிலும் புஞ்சையிலும் அதைவிட நல்ல முறை இல்லை. மூன்று பக்கமும் தெரிந்தால் ஹீரோனின் சூத்திரம் பரப்பைத் தந்துவிடும். கோணமே வேண்டாம்.

ஆனால் குறுக்குக்கோட்டை ஓட்ட வழி இருக்க வேண்டுமே. நகரத்தார் வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். முன்தெருவில் முகப்பு, அதற்குப் பின் வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீண்டு பின்தெருவில் போய் முடியும். இந்த மனையின் மூலைக்கு மூலை டேப் பிடிக்க எத்தனை சுவரைத் துளைப்பது? ஊருணி என்றால் குறுக்கே தண்ணீர். பல காலம் பூட்டிக் கிடக்கும் மனை என்றால் சீமைக்கருவேல் மண்டியிருக்கும். இப்படிப்பட்ட இடங்களில் பக்கங்களை ஓரமாக அளந்துவிடலாம். நடுவே போகத்தான் முடியாது. இரண்டு பக்கமும் இடைக்கோணமும் என்ற சூத்திரம் பிறந்ததே இந்த இடத்துக்குத்தான் என்று சொல்லலாம். மூலையில் நின்றால் போதும், எதிர்மூலைக்குப் போக வேண்டாம்.

கோணத்தை அளக்கக் கருவி இல்லையே என்றால், டேப்பே போதும். தென்மேற்கு மூலையிலிருந்து தென்புறச் சுவரை ஒட்டி 20 அடியில் ஒரு குறி, மேல்புறச் சுவரை ஒட்டி 20 அடியில் ஒரு குறி. இரண்டு குறிக்கும் இடையே டேப் பிடிக்கிறோம். 24 அடி 4 அங்குலம் வருகிறது. இனி தென்புறச் சுவரின் கோட்டை மூலைக்கு அந்தப் பக்கம் நூல் பிடித்து 20 அடி நீட்டி, அங்கே ஒரு குறி. அதிலிருந்து மேல்புறச் சுவரின் 20 அடிக் குறிக்கு அளந்தால் 31 அடி 9 அங்குலம். மூன்று குறிகளும் மூலையை மையமாகக் கொண்ட 20 அடி அரைவட்டத்தில் இருப்பதால், இந்த இரண்டு நீளங்களும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். மூன்றாம் பக்கம் அரைவட்டத்தின் விட்டமான 40 அடி. அந்தச் செங்கோண முக்கோணத்தின் பரப்பு, நம் மூலைக்கோணத்தின் சைனை 400-ஆல் பெருக்கியது. ஆகவே

sin C = (24.33 × 31.75) ÷ 800 = 0.966

முக்கோணவியல் அட்டவணை தேவைப்படவில்லை, கால்குலேட்டரில் சைன் பொத்தானும் தேவைப்படவில்லை. அளவு சரியா என்று பார்க்கவும் வழி உண்டு: இரண்டின் வர்க்கமும் சேர்ந்து 1,600 வர வேண்டும். இங்கே 592-ம் 1,008-ம் சேர்ந்து 1,600. உள்ளே வீடு அடைத்துக்கொண்டு உள்பக்க அளவை எடுக்க முடியாவிட்டால், வெளிப்பக்க அளவு ஒன்றே போதும். 1,600-இலிருந்து அதன் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுத்தால் மற்றது கிடைத்துவிடும். 105-க்கும் 75-க்கும் சைன் ஒன்றே என்றது இதற்காகத்தான்.

குறி வைக்கும் தூரத்தில் கஞ்சத்தனம் கூடாது. கொத்தனார் மூலைமட்டம் பார்க்க 3, 4, 5 அடி போட்டு முடித்துவிடுவார். அவருக்கு அது போதும். நமக்குப் போதாது. 20 அடி எடுத்து இடைவெளியில் ஓர் அங்குலம் பிசகினால் கோணம் 0.3 பாகை மாறும். தென்மேற்கு மூலையின் முக்கோணத்தில் அது 5 சதுர அடிக்கும் குறைவு. 3 அடி மட்டும் எடுத்து அதே அங்குலம் பிசகினால் கோணம் 2 பாகை மாறி, பரப்பில் 30 சதுர அடிக்கு மேல் ஏறி இறங்கும்.

தென்மேற்கு மூலை 75 பாகை. அந்த முக்கோணத்தின் பரப்பு ½ × 58 × 121 × 0.966, சுமார் 3,389 சதுர அடி. இதே கணக்கை ஆரியபட்டரிடம் கொடுத்தாலும் முடித்திருப்பார். 499-ஆம் ஆண்டின் ஆரியபட்டீயத்தில் முக்கோணப் பரப்பும் இருக்கிறது, சைன் அட்டவணையும் இருக்கிறது. ஆரம் 3,438 என்று வைத்துக்கொண்டு, மூன்றே முக்கால் பாகைக்கு ஒன்றாக 24 மதிப்புகள். அவற்றில் இருபதாவது 75 பாகைக்கு உரியது: 3,321. அதை 3,438-ஆல் வகுத்து 3,509-ஆல் பெருக்கிப் பாருங்கள். இன்றைய கால்குலேட்டர் விடைக்கும் அதற்கும் ஒரு சதுர அடிகூட வித்தியாசம் வராது.

எதிர்மூலையான வடகிழக்கிலும் இதே வேலையைச் செய்து 76.5 பாகை வந்தது என்று கொள்வோம். அந்த முக்கோணம் ½ × 62 × 118 × 0.9724, அதாவது 3,557. இரண்டும் சேர்ந்து 6,946 சதுர அடி. பத்திரத்தில் 7,170. வித்தியாசம் 224 சதுர அடி, அரை செண்டுக்குச் சற்று மேல். பதினாறரை செண்ட் என்று பேசிய மனை பதினாறு செண்டைக்கூட முழுசாகத் தொடவில்லை.

நான்கு பக்கத்தோடு ஒரு கோணம் போதும் என்று முன்பு சொன்னேன். இங்கே இரண்டு எடுத்திருக்கிறோம். இரண்டாவது கோணம் தணிக்கைக்கு. இரண்டு முக்கோணங்களுக்கும் குறுக்குக்கோடு பொது. கொசைன் விதியால் ஒவ்வொன்றிலிருந்தும் அதைக் கணக்கிடலாம்: 58-இன் வர்க்கமும் 121-இன் வர்க்கமும் கூட்டி, அதிலிருந்து 2 × 58 × 121 × cos 75°-ஐக் கழித்து மூலம் எடுத்தால் 119.88 அடி. வடகிழக்கு முக்கோணத்திலிருந்து 119.80 அடி. ஓர் அங்குல வித்தியாசம்; டேப் வேலைக்கு இதைவிட நெருக்கம் எதிர்பார்க்கக் கூடாது. மாறாக, வடகிழக்குக் கோணத்தை 79.5 என்று தவறாக எழுதியிருந்தால் பரப்பு 40 சதுர அடிதான் கூடியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். குறுக்குக்கோடோ 122.9 அடி என்று வந்து மூன்று அடி முரண்பட்டுக் காட்டிக்கொடுத்திருக்கும். பிழை பரப்பில் ஒளிந்துகொண்டாலும் குறுக்குக்கோட்டில் ஒளிய முடியாது.

கணினியில் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எக்செல் போன்ற மென்பொருள்கள் கோணத்தைப் பாகையாக எடுத்துக்கொள்வதில்லை, ரேடியனாக எடுத்துக்கொள்கின்றன. இப்படி எழுத வேண்டும்:

```
=0.5*58*121*SIN(RADIANS(75))
```

RADIANS-ஐ மறந்து SIN(75) என்று எழுதினால் பரப்பு கழித்தல் குறியோடு வரும், உடனே பிடித்துவிடலாம். ஆனால் SIN(76.5) என்று எழுதினால் 0.892 வரும். 0.972 வர வேண்டிய இடம் அது. பார்வைக்கு நல்ல பிள்ளையாக இருக்கும் அந்த எண் 3,557-ஐ 3,263 ஆக்கிவிடும். COS-இல் RADIANS-ஐச் சரியாக எழுதியிருந்தால், மேலே சொன்ன குறுக்குக்கோட்டுத் தணிக்கையும் SIN-இல் வந்த இந்த மறதியைக் காட்டிக்கொடுக்காது. ஒரு தடவையாவது SIN(RADIANS(30)) அரை காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது பாதுகாப்பு.

இதுவரை சூத்திரத்தின் பக்கமே பேசினேன். அது சறுக்கும் இடமும் உண்டு.

ஆரியபட்டரின் அட்டவணையை இன்னொரு முறை பார்த்தால் விளங்கும். அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசம் தொடக்கத்தில் 225, 224, 222. முடிவில் 37, 22, 7. அதாவது சிறிய கோணத்தில் சைன் வேகமாக ஓடுகிறது. 90-ஐ நெருங்கும்போது நின்றேவிடுகிறது. நில அளவையில் இதன் பொருள்: மூலை 90 பாகைக்கு அருகில் இருந்தால் கோணத்தை ஒரு பாகை தப்பாக எடுத்தாலும் பரப்பில் நூற்றில் 0.02 பங்குகூட மாறாது. 75 பாகையில் அதே தப்பு அரை சதவீதம். 30 பாகையில் 3 சதவீதம். 10 பாகையில் ஏறக்குறைய 10 சதவீதம். பக்கத்தின் நீளத்தில் வரும் பிழை அப்படியல்ல. எந்தக் கோணத்திலும் ஒரு சதவீதப் பிழை ஒரு சதவீதமாகவே பரப்பில் ஏறும்.

எனவே கூர்மையான மூலையைப் பார்த்தால் நிதானிக்க வேண்டும். ஆனால் கூர்மை என்றாலே சூத்திரத்தை ஒதுக்கிவிடவும் கூடாது. அதில் இரண்டு வகை உண்டு. இரண்டு நீளமான பக்கங்கள், 200 அடி வீதம், எதிரே 12 அடி மட்டும் உள்ள வாய். ரோடு பிரியும் இடத்தில் மிஞ்சும் துண்டு நிலம் இப்படி இருக்கும். பரப்பு சுமார் 1,200 சதுர அடி. மூலைக்கோணம் மூன்றரை பாகைக்கும் குறைவு. இங்கே கோணத்தில் ஒரு பாகை பிசகினால் பரப்பில் 29 சதவீதம் போய்விடும். அந்த 12 அடியை டேப்பால் அளப்பதோ சின்ன வேலை; மூன்று அங்குலம் தப்பினாலும் 2 சதவீதம்தான். கையில் நல்ல கருவி இல்லாதவர் இங்கே கோணத்தின் பக்கமே போகக் கூடாது.

இன்னொரு வகை இதற்கு நேர் எதிர். ரோட்டோரமாக 100 அடி போய், லேசாக வளைந்து இன்னும் 60 அடி போகும் நிலம். மூன்றாவது பக்கம் 159 அடி 6 அங்குலம். பக்கங்கள் இரண்டும் கூடியது 160. மூன்றாவது அதற்கு அரை அடிதான் குறைவு. ஹீரோனின் சூத்திரம் 488 சதுர அடி தருகிறது. மூன்றாவது பக்கத்தில் மூன்றே அங்குலம் கூட்டி 159 அடி 9 அங்குலம் என்று எழுதிவிட்டால்? 346 சதுர அடி. மூன்று அங்குலத்தில் 142 சதுர அடி காணாமல் போகிறது. நீண்ட டேப் வெயிலில் நீள்வதற்கும் நடுவில் தொய்வதற்குமே அவ்வளவு பிசகு வரலாம். இங்கே வளைவில் நின்று கோணத்தை அளப்பதே சரி. அது 170.6 பாகை. 20 விகலை துல்லியமுள்ள தியோடலைட்டால் அளந்தால் பரப்பின் பிழை நூற்றில் 0.06 பங்கு. ஒரு பாகை தப்பினால்கூட 11 சதவீதத்துக்குள் நிற்கும். டேப்பின் மூன்று அங்குலமோ 29 சதவீதத்துக்கு மேல். கணினியிலும் ஹீரோனின் சூத்திரம் இத்தகைய ஊசி முக்கோணங்களில் இலக்கங்களைத் தொலைப்பதைக் கண்டு, பக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, அடைப்புக்குறிகளை இடம் மாற்றி ஒரு திருத்தம் சொன்னவர் வில்லியம் கஹன். ஆனால் அது கணக்கிடும்போது வரும் பிழைக்கான மருந்து. அளக்கும்போது வந்த மூன்று அங்குலத்துக்கு அதில் மருந்து இல்லை.

எதை அளப்பது எளிது என்பதும் காலத்தோடு மாறிவந்திருக்கிறது. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து முடித்ததும், அதற்குப் பிறகு முடிந்தவரை நீளம் அளப்பதையே தவிர்த்தார். ஒரு பக்கமும் இரு முனைகளின் கோணங்களும் என்று முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாக நகர்ந்தார். அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு அலைவது, மைல் கணக்கில் சங்கிலி போடுவதைவிடச் சுலபம்! (1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தில் ஏற்றும்போது அது மோதிச் சேதமானது, லாம்டனே உட்கார்ந்து செப்பனிட்டார்.) புலப்படக்காரர்களுக்கு நிலை தலைகீழ்: சங்கிலி மலிவு, கோணக் கருவி அரிது.

இன்றைய டோட்டல் ஸ்டேஷன் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. ஒரு முக்காலியில் நிற்கும் கருவி, மூலையில் ஒருவர் பிடித்திருக்கும் பட்டகத்தை நோக்கி ஒளியை அனுப்பித் தூரத்தை அளக்கிறது. அடுத்த மூலைக்குத் திரும்பும்போது எவ்வளவு திரும்பினோம் என்ற கோணத்தையும் எழுதிக்கொள்கிறது. கருவி நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மூலைகளுக்கு இரண்டு நீளம், நடுவில் ஒரு கோணம். ½ ab sin C-க்கு வேண்டியது அப்படியே வந்து விழுகிறது. ஊருணியின் ஒரு மூலையில் நின்று மற்ற மூன்று மூலைகளையும் பார்த்துவிட்டால் இரண்டு முக்கோணங்கள். யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். நிலத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தால், கோணங்கள் எல்லாம் கூடி 360 பாகை வர வேண்டும் என்ற தணிக்கையும் கிடைக்கும். கருவியின் உள்ளே மென்பொருள் இதை ஆயத்தொலைவுகளாக மாற்றிப் பெருக்கிக் கூட்டும். செய்வது இதே கணக்குத்தான்.

மனை வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். பத்திரத்தோடு இணைக்கும் மனை வரைபடத்தில் நான்கு பக்கங்களோடு ஒரு குறுக்குக்கோட்டின் நீளத்தையோ, அது முடியாவிட்டால் எதிரெதிர் மூலைகள் இரண்டின் கோணத்தையோ எழுதித் தரும்படி அளப்பவரைக் கேளுங்கள். கூடுதலாக அரை மணி நேர வேலை. அதை எழுதாத பத்திரத்தில் விஸ்தீரணம் என்று போட்டிருக்கும் எண்ணை அதிகபட்சம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.